சொந்த பென்ஷன் வாங்குற டீச்சருக்கு கணவரோட குடும்ப பென்ஷனும் வந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கணவர் மத்திய அரசு, மனைவி மாநில அரசு, ரெண்டு பேருமே பழைய பென்ஷன் திட்டத்துல ரிட்டயர் ஆனவங்க, அதுல கணவர் முதல்ல காலமாயிட்டார். நம்ம ஊர்ல இப்படி நிறைய வீடு இருக்கு. பென்ஷனர் சங்கத்துல பேப்பர் வேலைக்கு உதவி பண்றவன்ங்கிற முறையில கூடவே இருந்து பார்த்த ஒரு கேஸை முழுசா எழுதுறேன். குடும்பத்தோட சம்மதத்தோடதான் எழுதுறேன், பேரும் ஊரும் வேணாம்னு சொல்லிட்டாங்க. தொகைகளை படிக்க வசதியா அங்கங்க ரவுண்ட் பண்ணியிருக்கேன்.

பின்னணி

கணவர் மத்திய அரசு ஆபீஸ் ஒண்ணுல வேலை பார்த்து 30 செப்டம்பர் 2018ல ரிட்டயர் ஆனவர். பிறந்த தேதி 14 செப்டம்பர் 1958, இந்த தேதி பின்னாடி ரொம்ப முக்கியமாகும். கடைசி பேசிக் 60,400, அதுல பாதி 30,200 பென்ஷன். அதுல 40 சதவீதத்தை கம்யூட் பண்ணி, அதாவது மாசாமாசம் வர்றதை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே மொத்தமா பணம் வாங்கிட்டதால மாசாமாசம் 12,080 பிடித்தம் போய் 18,120 வரும். ஆனா டிஏ மட்டும் கம்யூட்டேஷனுக்கு முந்தின முழு 30,200 மேல கணக்கு போடுவாங்க. அதனால 2024 ஆரம்பத்துல டிஏ 50 சதவீதமா இருந்தப்போ அவருக்கு கைக்கு 33,220 வந்துச்சு.

மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, 2022ல 60 வயசுல ரிட்டயர். அவங்க பென்ஷன் 35,000, மூணுல ஒரு பங்கு கம்யூட் பண்ணியிருந்தாங்க, டிஏவோட சேர்த்து 40,800 ரூபா சுமாருக்கு கருவூலம் மூலமா வந்துட்டு இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் தனித்தனி பிபிஓ, அதாவது பென்ஷன் வழங்கச் சொல்ற உத்தரவு. கணவரோட பென்ஷன் மட்டும் ஒரு பேங்க்ல ஜாயிண்ட் அக்கவுண்ட்ல விழும்.

18 பிப்ரவரி 2024ல கணவர் காலமாயிட்டார், அப்போ அவருக்கு வயசு 65.

முதல் நாலு மாசத்துல கவனிச்சது

காரியம் எல்லாம் முடிஞ்சு இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தப்புறமும் டீச்சர் பேங்க் பக்கம் போகல. காரணம் சிம்பிள், தனக்கு எதுவும் வராதுன்னு அவங்க நம்பியிருந்தாங்க. "எனக்குத்தான் என் பென்ஷன் இருக்கே தம்பி, ஒரு ஆளுக்கு ரெண்டு பென்ஷன் கவர்மெண்ட்ல எப்படி தருவாங்க"ன்னு அவங்க கேட்டதை அப்படியே ஞாபகம் வச்சிருக்கேன், ஏன்னா இதே கேள்வி என் காதுல விழாத மாசமே இல்ல.

இதுக்கு நடுவுல கணவரோட பென்ஷன் நிக்காம வந்துட்டே இருந்துச்சு. முந்தின நவம்பர்ல கொடுத்த லைஃப் சர்டிபிகேட் இன்னும் செல்லும், பேங்குக்கு யாரும் இறப்பை சொல்லல, அதனால பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே நாலு மாசமும் கிரெடிட் ஆயிருச்சு. ஜாயிண்ட் அக்கவுண்ட்ங்கிறதால ஆஸ்பத்திரி பாக்கி, காரிய செலவுன்னு அதுல இருந்தே எடுத்திருந்தாங்க, தப்பான எண்ணம் எதுவும் கிடையாது. ஆனா ரூல்படி கணவரோட பென்ஷன் இறந்த நாள் வரைக்கும்தான், அந்த நாளும் சேர்த்தி, அடுத்த நாள்ல இருந்து குடும்ப பென்ஷன் தொடங்கணும். அப்போ பிப்ரவரி 19ல இருந்து வந்ததெல்லாம் கணக்குல அதிகப்படி.

ஜூன்ல ஒரு சொந்தக்காரர் சொல்லி சங்கத்துக்கு வந்தாங்க. நாங்க முதல்ல கேட்டது கணவரோட பிபிஓ ஒரிஜினலைத்தான். மஞ்சள் கவர்ல மடிச்சு வச்சிருந்தாங்க. அதுல குடும்ப ஓய்வூதியம்னு இருக்கிற பகுதியில டீச்சரோட பேர், பிறந்த தேதி, அப்புறம் ரெண்டு தொகை. ஒண்ணு 30,200, அது எந்த தேதி வரைக்கும்னு போட்டிருந்துச்சு: 14.09.2025. அதுக்கு அப்புறம் 18,120. அதாவது 2018லேயே, கணவர் ரிட்டயர் ஆன அன்னைக்கே, இவங்களுக்கான குடும்ப பென்ஷன் சாங்ஷன் ஆகி பேப்பர்ல உட்கார்ந்திருக்கு. அதை ஆறு வருஷமா வீட்டுல யாரும் படிக்கல.

பேங்க்ல சொன்ன பதில்

இறப்புச் சான்றிதழ், பிபிஓ, ஆதார், பான் எல்லாம் எடுத்துட்டு கிளைக்கு போனாங்க. அங்க பென்ஷன் டெஸ்க்ல இருந்தவர் மரியாதையாத்தான் பேசினார், ஆனா "அம்மா, உங்களுக்கு வேற வருமானம் மாசம் 9,000க்கு மேல இருக்கு, அதனால குடும்ப பென்ஷன் வராது, முதல்ல அதிகமா எடுத்த பணத்தை கட்டிடுங்க"ன்னு சொல்லிட்டார். டீச்சர் கிட்டத்தட்ட ஒத்துக்கிட்டு பணம் கட்ட ரெடியாயிட்டாங்க.

அந்த 9,000ங்கிற எண் அவர் சும்மா சொன்னது இல்ல. மத்திய அரசு குடும்ப பென்ஷன்ல வருமான வரம்பு ஒண்ணு நிஜமாவே இருக்கு, குறைந்தபட்ச குடும்ப பென்ஷனான 9,000மும் அதுக்கான டிஏவும் சேர்ந்த தொகைதான் அது. இதுக்கு மேல சம்பாதிச்சா தகுதி இல்ல. ஆனா அந்த வரம்பு யாருக்குன்னா பிள்ளைங்களுக்கு, விதவை ஆன அல்லது டைவர்ஸ் ஆன மகளுக்கு, அப்பா அம்மாவுக்கு, இந்த மாதிரி சார்ந்திருக்கிறவங்களுக்குத்தான். கணவன் இல்ல மனைவிக்கு கிடையாது. மனைவிக்கு ஆயுள் முழுக்க, இல்லன்னா மறுமணம் வரைக்கும். அவங்க சம்பளம் வாங்கினாலும் சரி, பென்ஷன் வாங்கினாலும் சரி, வாடகை வந்தாலும் சரி. குழந்தை இல்லாத விதவை மறுமணம் பண்ணின பிறகும் குடும்ப பென்ஷனை தொடரணும்னா மட்டும் வருமானம் பார்ப்பாங்க. மத்திய அரசு பென்ஷன் விதிகள் 2021ல விதி 50ல இதெல்லாம் இருக்கு, அதுக்கு முன்னாடி 1972 விதிகள்ல விதி 54.

குழப்பத்துக்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. வேலையில இருக்கிற ஒருத்தர் குடும்ப பென்ஷன் வாங்கினா அதுக்கு டிஏ கிடையாதுன்னு ஒரு காலத்துல இருந்துச்சு, 1997 ஜூலையில இருந்துதான் அது தளர்ந்துச்சு. பழைய ஆளுங்க அதை கேள்விப்பட்டு "ரெண்டு வந்தா ஒண்ணுக்குத்தான் டிஏ"ன்னு இன்னைக்கும் சொல்றாங்க. டீச்சர் கேஸ்ல சொந்த பென்ஷனுக்கு டிஏ தனி, குடும்ப பென்ஷனுக்கு டிஏ தனி, ரெண்டும் முழுசா உண்டு. ஒண்ணு இன்னொண்ணை ஒரு ரூபா கூட குறைக்காது.

எடுத்த முடிவுகளும் அதுக்கான காரணமும்

முதல் முடிவு, வாய்ப்பேச்சு வேணாம், எழுத்துல கொடுக்கணும். மனுல விதி 50ஐ குறிப்பிட்டு, பிபிஓல ஏற்கனவே தன் பேர்ல குடும்ப பென்ஷன் அனுமதிச்சிருக்கிறதை எழுதி, மறுக்கிறதா இருந்தா காரணத்தை எழுத்துல தரச் சொல்லி கேட்டாங்க. தன் சொந்த பென்ஷனை மறைக்காம அதையும் முதல் பாராவுலயே எழுதச் சொன்னோம். சில பேர் சொந்த பென்ஷன் பத்தி சொன்னா சிக்கல் வரும்னு மறைப்பாங்க, அதுக்கு அவசியமே இல்ல, மறைச்சா பின்னாடி டாக்ஸ்ல மாட்டும்.

ரெண்டாவது, அதிகமா வந்த பணத்தை ரொக்கமா கட்ட வேணாம், குடும்ப பென்ஷன் அரியர்ல கழிச்சுக்கோங்கன்னு அதே மனுல கேட்டது. இதை கணக்கு போட்டுத்தான் முடிவு பண்ணோம். கணவர் பேருக்கு மாசம் வந்தது 33,220. டீச்சருக்கு வர வேண்டிய குடும்ப பென்ஷன் அதே மாசத்துக்கு 30,200ம் அதுக்கு 50 சதவீத டிஏ 15,100ம் சேர்த்து 45,300. ஏன் கூடன்னா கணவரோட கம்யூட்டேஷன் பிடித்தம் அவரோட முடிஞ்சுது, குடும்ப பென்ஷன்ல அந்த பிடித்தம் கிடையாது. அப்போ பேங்க் இவங்ககிட்ட கேட்க வேண்டிய நிலைமையே இல்ல, மாசத்துக்கு 12,080 பேங்க்தான் இவங்களுக்கு தரணும். இதை காகிதத்துல பார்த்தப்போதான் டீச்சர் முகத்துல தெளிவு வந்துச்சு, அதுவரைக்கும் அரசாங்கப் பணத்தை எடுத்துட்டோமோன்னு உள்ளுக்குள்ள கஷ்டப்பட்டுட்டே இருந்திருக்காங்க.

மூணாவது, இந்த 45,300ஐ நிரந்தர வருமானமா நினைக்கக்கூடாதுங்கிறது. ரிட்டயர் ஆனப்புறம் இறந்தவருக்கு கூடுதல் விகித குடும்ப பென்ஷன் ஏழு வருஷம், இல்ல அவர் உயிரோட இருந்தா 67 வயசு ஆகியிருக்கிற தேதி, எது முன்னாடி வருதோ அதுவரைக்கும்தான். ஏழு வருஷம்னா 2031 வரை போகும், ஆனா 67 வயசு 2025 செப்டம்பர்லயே வந்துருது. அதுக்கப்புறம் கடைசி பேசிக்ல 30 சதவீதம், 18,120. சர்வீஸ்ல இருக்கும்போதே இறந்திருந்தா பத்து வருஷம், அதுக்கு 67 கணக்கு கிடையாது, இவர் அப்படி இல்ல. மகன் அந்த சமயத்துல வீட்டு மாடி கட்ட அம்மா பேர்ல பென்ஷன் லோன் போடலாம்னு இருந்தார். இஎம்ஐயை 2025க்கு அப்புறம் வரப்போற தொகையை வச்சு கணக்கு பண்ணுங்கன்னு சொன்னோம். அவங்களே யோசிச்சு லோனை சின்னதாக்கி, சொந்த பென்ஷன்ல இருந்தே கட்டுற அளவுக்கு வச்சுக்கிட்டாங்க.

அடுத்து நடந்தது

கிளையில இருந்து ரெண்டு மாசம் பதில் இல்ல. கணவரோட பென்ஷன் ஜூன்ல நின்னுருச்சு, குடும்ப பென்ஷனும் தொடங்கல. ஆகஸ்ட்ல மத்திய ஓய்வூதியர் துறையோட புகார் தளமான சிபென்கிராம்ஸ்ல மனு நகலோட புகார் பதிவு பண்ணோம். அப்புறம் விஷயம் கிளையை தாண்டி பேங்கோட சிபிபிசிக்கு, அதாவது எல்லா பென்ஷனையும் ஒரே இடத்துல ப்ராசஸ் பண்ற மையத்துக்கு போச்சு. அங்க இருந்து வருமானம் பத்தி ஒரு கேள்வியும் வரல. பிபிஓல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடின்னு பேர்ல இருந்த வித்தியாசத்துக்கு மட்டும் ஒரு உறுதிமொழி, மறுமணம் ஆனா தெரிவிப்பேன்னு ஒண்ணு, அதிகமா வந்தா பிடிச்சுக்கலாம்னு ஒண்ணு வாங்கினாங்க.

அக்டோபர் ஆரம்பத்துல அரியர் விழுந்துச்சு. பிப்ரவரி 19ல இருந்து மே வரைக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 40,800, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை நாலு மாச முழுத்தொகை 1,81,200, ஆக மொத்தம் 2,22,000 சொச்சம். பணம் கட்டுங்கன்னு சொன்ன இடத்துலதான் இந்த தொகை வந்தது.

நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட். இங்க ஒரு விஷயம் நிறைய பேருக்கு சறுக்கும். டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட்டான ஜீவன் பிரமானை பிபிஓ வாரியா போடணும், ஒரே ஆள் ஒரே கைரேகைதானேன்னு ஒரு பிபிஓவுக்கு போட்டுட்டு விட்டா இன்னொரு பென்ஷன் நின்னுரும். டீச்சருக்கு மாநில பென்ஷன் நேர்காணல் மாசமும் வேற. அதனால ரெண்டு பிபிஓ நம்பரையும் எப்போ எதுக்குன்னு எழுதி காலண்டர்லயே ஒட்டிக்கிட்டாங்க.

டாக்ஸ்ல வந்த இடி

ரெண்டு பென்ஷனும் ஒண்ணையொண்ணு குறைக்காதுன்னு சொன்னேன், ஆனா டாக்ஸ்ல ரெண்டும் ஒரே தலையில சேரும். சொந்த பென்ஷன் சம்பள வருமானம் மாதிரி, அதுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு, தேவைப்பட்டா டிடிஎஸ் பிடிப்பாங்க. குடும்ப பென்ஷன் இதர வருமானம், அதுக்கு கழிவு தனி: மூணுல ஒரு பங்கு அல்லது ஒரு உச்சவரம்பு, எது குறைவோ அது. புது வரி முறையில அந்த வரம்பு 2024-25 நிதியாண்டுல இருந்து 25,000, பழைய முறையில 15,000. முக்கியமா, குடும்ப பென்ஷன்ல பேங்க் டிடிஎஸ் பிடிக்காது.

அவங்க 2024-25 கணக்கு இப்படி வந்துச்சு, முந்தின வருஷ அரியர் துண்டையும் வட்டியையும் விட்டுட்டு சொல்றேன். சொந்த பென்ஷன் 4.99 லட்சம், 75,000 கழிச்சா 4.24 லட்சம். இது மட்டும்னா ரிபேட்ல, அதாவது வரித் தள்ளுபடியில, வரி பூஜ்யம், அதனால கருவூலமும் ஒரு ரூபா பிடிக்கல. குடும்ப பென்ஷன் 5.52 லட்சம், 25,000 கழிச்சா 5.27 லட்சம். இது மட்டும்னாலும் வரி பூஜ்யம். ரெண்டையும் கூட்டினா 9.51 லட்சம், அந்த வருஷம் ரிபேட் வரம்பு 7 லட்சம்தான், அதனால செஸ்ஸோட 46,900 வரி. பழைய முறையில, சேமிப்பு கழிவு எதுவும் இல்லாததால, இதைவிட ரெண்டு மடங்குக்கு மேல வரும்.

கருவூலத்துல கொடுத்த படிவம் 16ல வரி இல்லைன்னுதான் இருக்கும், அதை மட்டும் பார்த்து ரிட்டர்ன் போட்டிருந்தா பின்னாடி நோட்டீஸ் வந்திருக்கும். 60 வயசு தாண்டி வியாபார வருமானம் இல்லாதவங்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாயம் இல்ல, அதனால ரிட்டர்ன் போடும்போதே செல்ஃப் அசெஸ்மெண்ட் டாக்ஸா கட்டிட்டாங்க. அரியர் வந்த அன்னைக்கே 50,000ஐ தனி டெபாசிட்ல போடச் சொல்லியிருந்தோம், அது அப்படியே உதவுச்சு. 2025-26ல இருந்து புது முறையில ரிபேட் வரம்பு 12 லட்சம் ஆனதால அவங்களுக்கு வரி வராது, ஆனாலும் ரெண்டும் சேர்ந்தா வருமானம் அடிப்படை வரம்பான 4 லட்சத்தை தாண்டுறதால ரிட்டர்ன் போட்டே ஆகணும்.

2025 செப்டம்பர் 14க்கு அப்புறம்

ஆகஸ்ட் 2025ல குடும்ப பென்ஷன் 55 சதவீத டிஏவோட 46,810 வந்துச்சு. செப்டம்பர் 15ல இருந்து 18,120ம் டிஏவும், 55 சதவீதத்துக்கு 28,086. மாசம் 18,724 குறையணும். ஆனா செப்டம்பர் கடைசியிலயும் முழுசா வந்துச்சு, அக்டோபர்லயும் முழுசா வந்துச்சு. சிஸ்டம்ல அந்த தேதி சரியா ஏறல போல.

இங்க டீச்சர் பண்ணது எனக்கு ரொம்ப பிடிச்சது, நாங்க சொல்றதுக்கு முன்னாடியே பாஸ்புக்கை பிபிஓவோட வச்சு பார்த்துட்டு, "தொகை குறையலை, சரி பாருங்க"ன்னு சிபிபிசிக்கு அவங்களே லெட்டர் போட்டுட்டாங்க. நவம்பர்ல இருந்து தொகை சரியாச்சு, அதிகமா வந்த 28,700 ரூபா சுமாரை தவணையா பிடிச்சாங்க. இதே ரெண்டு வருஷம் கவனிக்காம போயிருந்தா நாலரை லட்சம் ஆகியிருக்கும், ஆரம்பத்துல கையெழுத்து போட்ட உறுதிமொழியை காட்டி அதை பிடிச்சிருப்பாங்க. இந்த மாதிரி பெரிய ரிகவரியில மாட்டினவங்க சங்கத்துக்கு வந்திருக்காங்க, 75 வயசுல பென்ஷன்ல பாதி பிடித்தம் போறது கொடுமை.

2025 கடைசியில டிஏ 58 சதவீதக் கணக்குல குடும்ப பென்ஷன் 28,630, சொந்த பென்ஷன் 43,600 சொச்சம் வந்துச்சு. லோன் தவணையை முன்னாடியே சின்னதா வச்சதால வீட்டுச் செலவுல பெரிய தட்டுப்பாடு வரல.

என்ன மாத்தணும்

பேங்க் பக்கம், பென்ஷன் டெஸ்க்ல மனைவி கேட்டு வந்தா பார்க்க வேண்டியது பிபிஓல அவங்க பேர் இருக்கா, ஆள் அவங்கதானா, இறப்புச் சான்றிதழ் இருக்கா, இவ்வளவுதான். வருமானம் பத்தின கேள்வியே மகளோ மகனோ பெற்றோரோ கேட்கும்போதுதான் வரணும். இதை எழுதி அந்த கிளைக்கும் அனுப்பியிருக்கோம்.

சங்கத்துல இப்போ தம்பதியா பென்ஷன் வாங்குறவங்களை உட்கார வச்சு ரெண்டு பிபிஓவையும் எடுத்து, குடும்ப ஓய்வூதிய பகுதியில இருக்கிற ரெண்டு தொகையையும் தேதியையும் அவங்க கையாலயே ஒரு தாள்ல எழுத வைக்கிறோம், பேர் எழுத்துல வித்தியாசம் இருந்தா ரெண்டு பேரும் உயிரோட இருக்கும்போதே திருத்த மனு போட சொல்றோம். அது பாதி வேலையை குறைச்சிரும். இறப்பை பேங்குக்கு அந்த மாசமே சொல்லணும், சொல்லாட்டி நஷ்டம் பெரும்பாலும் குடும்பத்துக்குத்தான், இவங்க கேஸ்ல மாசம் 12,080 கம்மியா வாங்கிட்டு இருந்த மாதிரி.

இந்த கணக்கு பழைய பென்ஷன்காரங்களுக்குத்தான் பொருந்தும். கணவர் 2004 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ மத்திய அரசுல சேர்ந்து புது பென்ஷன் திட்டமான என்பிஎஸ்ல இருந்தவர்னா விஷயம் வேற மாதிரி போகும். கம்பெனி வேலையில இபிஎஃப் பென்ஷன் வாங்கினவர்னா விதவைக்கு பொதுவா அவர் பென்ஷன்ல பாதி வரும், மனைவியோட சொந்த பென்ஷன் அதையும் குறைக்காது, ஆனா அதுக்கு டிஏ கிடையாது, 67 வயசு கணக்கும் கிடையாது, மனு போட வேண்டிய இடமும் பிஎஃப் ஆபீஸ்.

டீச்சர் இப்போ சங்கத்துக்கு வாரம் ஒரு நாள் வர்றாங்க. வர்ற பெண்களோட பிபிஓவை அவங்கதான் முதல்ல வாங்கி படிச்சு சொல்றாங்க.